தேர்வு மாறினால் முடிவும் மாற வேண்டும்: அப்படிப்பட்ட கதை விளையாட்டு எது?

கொட்டகலை_வாசகி | வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். நான் நாவல் வாசிப்பவள். விளையாட்டுகளுக்குப் புதியவள். பாடசாலை விடுமுறை வந்ததும் தம்பியின் பழைய மடிக்கணினியில் ஒரு விஷுவல் நாவலைப் போட்டுத் தந்தான். படங்கள் அழகு, எழுத்தும் நன்றாக இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் கதாநாயகிக்கு ஒரு கடிதம் வருகிறது. அதை அண்ணனிடம் சொல்வதா, மறைப்பதா என்று என்னைக் கேட்டார்கள். நான் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, உட்கார்ந்து யோசித்துத்தான் மறைத்தேன். இரண்டு நாளில் கதை முடிந்தது. பிறகு சொல்லிப் பார்ப்போமே என்று மறுபடி விளையாடினேன். அதே முடிவு. அதே மழை, அதே கடைசி வசனம்.

ஒரே முடிவுதான் என்றால் நான் நாவலே வாசித்துக்கொள்வேன், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என்னிடம் கேட்டுவிட்டு என் பதிலை எடுத்துக்கொள்ளாதது மனதை வருத்துகிறது. உண்மையிலேயே நம் தேர்வால் முடிவு மாறுகிற கதை விளையாட்டுகள் இருக்கின்றனவா? வாங்குவதற்கு முன் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மடிக்கணினி பழையது, இணையமும் கைத்தொலைபேசி டேட்டாதான். பெரிய தரவிறக்கம் முடியாது.

மணிக்கூண்டு | வெள்ளி, இரவு 8.40

அக்கா, இது சுலபம். எத்தனை முடிவுகள் என்று பாருங்கள். எண்ணிக்கை கூடினால் தேர்வுக்கு மதிப்பு கூடும். 'நியர்: ஆட்டோமாட்டா' விளையாட்டில் 26 முடிவுகள் இருக்கின்றன, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நான் நுவரெலியாவில் இருந்தபோது அண்ணன் ஒருவரின் கணனியில் விளையாடினேன். அதைவிட அதிக முடிவு எதில் இருக்கப்போகிறது?

பேராதனைச்_சந்தி | வெள்ளி, இரவு 9.30

தம்பி மணிக்கூண்டு, அந்த 26 உண்மைதான், நல்ல விளையாட்டும்தான். ஆனால் அவற்றில் முதல் ஐந்தை விட்டால் மற்றவை பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுபவை. ஒரு மீனைத் தின்றால் கதாபாத்திரம் இறந்து, பெயர்ப்பட்டியல் ஓடும். அதுவும் ஒரு முடிவு என்று கணக்கில் சேர்கிறது. சகோதரி தேடுவது அதுவல்ல. முடிவுகளை எண்ணுவதைவிட, தண்டவாளம் எந்த இடத்தில் பிரிகிறது, பிறகு சேர்கிறதா என்று பார்ப்பதே உதவும்.

கொட்டகலையில் இருப்பவருக்கு ரயிலை வைத்தே சொல்லலாம். ஹட்டன் நிலையத்தில் ரயில் எந்த மேடையில் நின்றாலும், புறப்பட்ட பிறகு அதே தண்டவாளத்துக்கு வந்து, அதே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்துதான் கொட்டகலைக்குப் போக வேண்டும். மேடை மாறியது, பயணம் மாறவில்லை. பேராதனைச் சந்தி அப்படியல்ல. அங்கே ஒரு பாதை கண்டிக்குத் திரும்புகிறது, மற்றது நாவலப்பிட்டி, ஹட்டன் வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. பதுளை வண்டியில் ஏறியவர் ஜன்னலில் மாத்தளையைப் பார்க்கப்போவதில்லை.

பெரும்பாலான கதை விளையாட்டுகள் ஹட்டன் மேடை வகை. 2012 இல் வந்த 'த வாக்கிங் டெட்' முதல் பருவம் இதற்குப் பேர்போன உதாரணம். (கதை சொல்லப்போகிறேன், விளையாடாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.) முதல் பகுதியின் இறுதியில் டக், கார்லி என்ற இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும், மூன்றாம் பகுதியில் அந்த ஆள் அதே இடத்தில், அதே கையால் கொல்லப்படுகிறார். அதன்பின் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிவிடுகின்றன.

உங்கள் தம்பி போட்டுத் தந்தது ரென்பை மென்பொருளில் செய்யப்பட்டதா என்று பாருங்கள். விளையாட்டின் கோப்புறைக்குள் `renpy` என்றும் `game` என்றும் இரண்டு கோப்புறைகள் இருந்தால் அதுதான். இருந்தால், எந்த இடத்தில் பாதை சேர்கிறது என்று நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாளை எழுதுகிறேன், இங்கே மின்சாரம் வந்து வந்து போகிறது.

பதுளை_இளமதி | சனி, காலை 6.50

நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்று நினைத்து மகிழ்ச்சியோடு வந்தேன் அக்கா! நானும் ரென்பையில்தான் ஒரு கதை எழுதுகிறேன். கொழும்பில் வேலை செய்யும் பெண் தாத்தாவின் இறுதிச் சடங்குக்காக இரவு ரயிலில் தோட்டத்துக்குத் திரும்புகிறாள், அதுதான் கதை.

நான் கண்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு தேர்வும் கதையை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். தேர்வுக்கு இரண்டு வழி. மூன்று தேர்வு தாண்டியபோது 2, 4, 8 என்று மொத்தம் 14 காட்சிகள் எழுதியிருந்தேன். காட்சிக்கு ஏறத்தாழ 600 சொல் என்றால் 8,400 சொல். ஆனால் வாசிப்பவர் ஒருமுறை போகும்போது மூன்று காட்சிதான் பார்ப்பார், 1,800 சொல். ஆறு தேர்வு வரை திட்டமிட்டிருந்தேன். கணக்குப் போட்டால் 126 காட்சிகள், பார்ப்பது ஆறு. அன்றைக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது பாதைகளைச் சேர்த்துவிட்டு, உள்ளே ஓர் எண்ணை மட்டும் சேமிக்கிறேன். இப்படி:

```renpy
default nambikkai = 0

label kaditham:
    menu:
        "கடிதத்தைப் பிரிக்கிறேன்":
            $ nambikkai -= 1
        "அம்மாவிடம் கொடுக்கிறேன்":
            $ nambikkai += 1
    jump nanuoya

label kadaisi:
    if nambikkai >= 3:
        jump mudivu_veedu
    else:
        jump mudivu_rayil
```

இரண்டு தேர்வும் அதே நானுஓயாக் காட்சிக்குத்தான் போகின்றன. ஆனால் எண் நினைவில் இருக்கிறது. கடைசியில் அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். தமிழ் எழுதுபவர்களுக்கு ஒன்று: ரென்பையின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் கட்டங்கள் வரும். ஒரு தமிழ் எழுத்துருவை `game` கோப்புறையில் போட்டுப் பெயரைக் குறிப்பிட வேண்டும். பழைய பதிப்பில் கொம்புகள் இடம் மாறி நின்றன. புதிய பதிப்புக்கு மாறியபின் 'கொ' ஒழுங்காக வருகிறது.

கொட்டகலை_வாசகி | சனி, காலை 9.05

இளமதி, நான் எழுதவில்லை, வாசிக்கத்தான் கேட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன 126க்கு ஆறு என்ற கணக்கு எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. என்னை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அவர்களுக்கு எழுதித் தீரவில்லை.

அண்ணா, கோப்புறையைப் பார்த்தேன். `renpy` இருக்கிறது.

பேராதனைச்_சந்தி | சனி, முற்பகல் 11.20

நல்லது. இனி அளக்கலாம்.

ரென்பையில் 'ஸ்கிப்' என்ற வசதி உண்டு. வசனங்களை வேகமாக ஓட்டிவிடும். அமைப்புகளுக்குள் போனால் Skip என்ற தலைப்பின் கீழே Unseen Text, After Choices ஆகிய இரண்டும் இருக்கும். முதலாவது அணைந்திருக்க வேண்டும், இரண்டாவதை எரிய விடுங்கள். Unseen Text அணைந்திருந்தால், ஸ்கிப் நீங்கள் ஏற்கெனவே பார்த்த வரிகளை மட்டும்தான் ஓட்டும். பார்க்காத வரி வந்ததும் தானாக நின்றுவிடும். எந்த வரியைப் பார்த்தீர்கள் என்ற கணக்கைச் சேமிப்புகளுக்கு அப்பால் தனியாக வைத்திருப்பதால், பழைய சேமிப்பை மீண்டும் திறந்தாலும் அந்தக் கணக்கு அழியாது.

நீங்கள் இருமுறை விளையாடியதால் இரண்டு பக்கமும் பார்த்த வரிகளாகிவிட்டன, அந்தத் தேர்வில் இனி இது வேலை செய்யாது. முதன்மைப் பட்டியலில் சேமிப்புத் தரவை அழிக்கும் வழி இருந்தால் அழியுங்கள். இல்லாவிட்டால் தம்பியின் கணினியில் வேறொரு பயனர் கணக்கைத் திறந்து, அங்கே விளையாட்டைப் புதிதாகப் போட்டு விளையாடலாம். பிறகு கடிதக் காட்சிக்கு முன் ஒரு சேமிப்பு வைத்து, ஒரு பக்கத்தைத் தேர்ந்து கதை முடியும் வரை போங்கள். முடிந்ததும் அந்தச் சேமிப்புக்குத் திரும்பி, மறுபக்கத்தைத் தேர்ந்து, ஸ்கிப்பை அழுத்துங்கள். அது நிற்கும் இடங்கள் எல்லாம் கதை வேறுபடும் இடங்கள். புதிய வரிகளைக் கையால் வாசித்து, மறுபடி ஸ்கிப் அழுத்துங்கள். எங்கே தங்கு தடையின்றி ஓடத் தொடங்குகிறதோ அங்கே தண்டவாளம் சேர்ந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. சேர்ந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இளமதி காட்டிய எண் மாதிரி ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கலாம், அது நானுஓயாவில் தெரியாமல் பதுளையில்தான் தெரியும். கடைசிவரை ஸ்கிப்பை ஓட விடுங்கள். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும். அதேபோல, எழுதியவர் ஒரே வசனத்தை இரண்டு இடத்தில் தனித்தனியாக ஒட்டியிருந்தால், சொல் ஒன்றாக இருந்தாலும் ஸ்கிப் நிற்கும். நின்ற இடத்தில் வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொட்டகலை_வாசகி | ஞாயிறு, மாலை 5.45

செய்து பார்த்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன்.

முதல்முறை எல்லாவற்றையும் மறைத்து, எல்லோரிடமும் கடுமையாக நடந்து, இறுதிவரை போனேன். மொத்தம் 14 தேர்வுகள் வந்தன. பிறகு கடிதக் காட்சிக்குத் திரும்பி, அண்ணனிடம் சொன்னேன். ஸ்கிப் நின்றது. அண்ணன் கோபப்படுகிறான், 11 வரிகள். பன்னிரண்டாவது வரியில் அம்மா கதவைத் தட்டுகிறாள், ஸ்கிப் ஓடத் தொடங்கிவிட்டது. நிற்கவே இல்லை. சந்தை, மருத்துவமனை எல்லாம் பறந்தன. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை நின்றது: "அன்று நீ சொன்னதை மறக்கவில்லை" என்று அண்ணன் சொல்கிறான். ஒரு வரி. பிறகு மழை.

மற்ற 13 தேர்வுகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசித் தேர்வு ஒன்றில்தான் வேறு முடிவு கிடைத்தது: ஊரில் இருப்பதா, போவதா. இரண்டுமுறையும் நான் அதில் இருப்பதையே தேர்ந்திருக்கிறேன். அதனால்தான் ஒரே முடிவு! அதற்கு முன்னால் 13 இடத்தில் நான் என்ன செய்திருந்தாலும் ஒன்றுதான்.

ஹப்புத்தளை_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 7.30

பிள்ளைகளே, ஒரு வார்த்தை. அந்த 'வாக்கிங் டெட்' கதையில் நான் கார்லியைக் காப்பாற்றினேன். மூன்றாம் பகுதி வரை அவள் என்னோடு இருந்தாள், பேசினாள். அவள் இறந்தபோது எனக்கு ஏற்பட்ட துயரம் டக்கைக் காப்பாற்றியவருக்கு ஏற்பட்டதல்ல. கதை சேர்ந்தது, ஆனால் நான் வேறு ஆளாகத்தான் அந்த இடத்துக்கு வந்தேன். வாசகி சொன்ன அந்த ஒரு வரியையும் நான் சிறிதாக நினைக்கமாட்டேன். 40 வருடம் பிள்ளைகளுக்கு இலக்கியம் கற்பித்தவன் சொல்கிறேன், முடிவு மட்டும் கதையாகாது.

கொட்டகலை_வாசகி | ஞாயிறு, இரவு 7.55

ஐயா, அதை நான் மறுக்கவில்லை. அந்த வரி வந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் நான் கேட்டு வந்தது வேறு. நான் எடுத்த முடிவின் விலையைக் கதை என்னிடம் வசூலிக்க வேண்டும்.

மணிக்கூண்டு | ஞாயிறு, இரவு 8.10

அப்படியானால் 'டிட்ராய்ட்: பிகம் ஹியூமன்'? ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கிளைப்படத்தையே காட்டுகிறார்கள். நாம் போகாத கிளைகள் பூட்டியிருக்கும். ஸ்கிப் வைத்து அளக்கத் தேவையே இல்லையே.

பேராதனைச்_சந்தி | ஞாயிறு, இரவு 9.15

இந்த முறை தம்பி சொல்வது சரியான வழியில் இருக்கிறது. அதில் காரா என்ற பாத்திரம் கதையின் ஆரம்பத்திலேயே, புயல் இரவில் நடக்கும் அத்தியாயத்தில் இறந்துபோகலாம். இறந்தால் அவளுக்கென்று பின்னால் எழுதிய அத்தியாயங்கள் எதுவும் வராது. அது பேராதனைச் சந்திதான். ஆனால் கிளைப்படத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஒரு கதவை உடைப்பதும் ஜன்னல் வழி போவதும் அங்கே இரண்டு கிளைகளாகத் தெரியும், இரண்டும் அதே அறைக்குப் போகும். படம் பெரிதாக இருப்பதால் பிரிவு பெரிது என்று பொருளில்லை. அதோடு, கணினிக்கு 55 ஜிபி இடம் வேண்டும். சகோதரியின் டேட்டாவுக்கும் மடிக்கணினிக்கும் அது ஒத்துவராது.

என் பரிந்துரை 2012 இல் வந்த 'லாங் லிவ் த குயின்'. இதுவும் ரென்பையில் செய்ததுதான். தரவிறக்கம் ஒரு ஜிபிக்கும் குறைவு, பழைய கணினியிலும் ஓடும். தாயை இழந்த இளவரசி எலோடி. 40 வாரம் உயிரோடு இருந்தால் முடிசூட்டு விழா. ஒவ்வொரு வாரமும் அவளுக்கு இரண்டு பாடம் நீங்கள் தேர்ந்துகொடுக்க வேண்டும்: மருத்துவம், வரலாறு, நாட்டியம், கடற்படைத் தந்திரம் என்று நிறைய. பெரிய தேர்வு என்று எதுவும் திரையில் முழங்காது. ஆனால் நிகழ்ச்சிகள் வந்துகொண்டே இருக்கும், அப்போது நீங்கள் கற்றுக்கொடுத்தது போதுமா என்று விளையாட்டு பார்க்கும். போதாவிட்டால் எந்தப் பாடத்தில் தவறினாள் என்பதையும் திரையில் எழுதிக் காட்டும். அதுதான் இதன் நேர்மை. எந்த வாரத்தில் செய்த தேர்வு இன்று கழுத்தைப் பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முடிவும் ஒரே துண்டாக வராது. திருமணம், தந்தை, மந்திரம், போர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்திகள், நீங்கள் செய்ததற்கேற்ப அடுக்கப்படும். இளமதி, 126 காட்சி எழுதாமல் முடிவை மாற்ற இது ஒரு வழி. பெரிய முடிவுகள் பத்து எழுதுவதற்குப் பதில், சிறிய துண்டுகள் முப்பது எழுதலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று தடவை நிச்சயம் இறந்துபோவீர்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகள் அதே அதே வாரத்தில்தான் வரும், அதனால் சிலருக்கு இது கதையாகத் தெரியாமல் பரீட்சையாகத் தெரியும்.

பதுளை_இளமதி | ஞாயிறு, இரவு 9.50

நான் 'ஸ்லே த பிரின்சஸ்' சொல்ல வந்தேன். 2023 இல் வந்தது, அதுவும் ரென்பை. காட்டு வீட்டின் நிலவறையில் ஓர் இளவரசி இருக்கிறாள், அவளைக் கொல்லச் சொல்கிறார்கள். கத்தியை எடுப்பதா, விடுவிப்பதா, வீட்டுக்குள்ளேயே போகாமல் திரும்புவதா? முதல் அத்தியாயத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்துக்கேற்ப இரண்டாம் அத்தியாயத்தில் அவள் உருவமே, குரலே மாறிவிடுகிறாள். வெறும் ஒரு வரி மாற்றம் இல்லை, முழு அத்தியாயம் வேறு. இரத்தமும் பயங்கரமும் உண்டு, இரவில் தனியாக விளையாடாதீர்கள்.

பேராதனைச்_சந்தி | ஞாயிறு, இரவு 10.10

எழுத்தில் அதை மிஞ்ச எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் அந்தக் கிளைகள் எல்லாம் சுழன்று ஒரே இடத்துக்கு வருகின்றன, அங்கிருந்துதான் இறுதி. கொண்டு வருவது வேறு, வந்து சேரும் இடம் ஒன்று. சகோதரி கேட்டதற்கு அது பொருந்துமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஹப்புத்தளை_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 10.25

கொண்டு வருவது வேறு என்றால் அது நான் சொன்னதுதானே தம்பி.

பதுளை_இளமதி | ஞாயிறு, இரவு 10.30

இல்லை சார். கார்லியோடு வந்தவரும் டக்கோடு வந்தவரும் அந்த மூன்றாம் பகுதியில் ஒரே காட்சியைத்தானே பார்க்கிறார்கள், ஆள் மட்டும் வேறு. இங்கே ஓர் அத்தியாயம் முழுவதும் ஒருவர் கண்டதை மற்றவர் காணவேயில்லை.

கொட்டகலை_வாசகி | அடுத்த வெள்ளி, இரவு 8.40

திரும்பி வந்திருக்கிறேன். இரவு நேர டேட்டாவில் 'லாங் லிவ் த குயின்' இறக்கினேன்.

முதல்முறை எலோடிக்கு எனக்குப் பிடித்ததை எல்லாம் படிப்பித்தேன்: வரலாறு, இசை, நாட்டியம். நல்ல பெண்ணாக வளர்த்தேன். பரிசாக ஒரு பெட்டி சாக்லேட் வந்தது. தின்றாள், இறந்தாள். கீழே நஞ்சைப் பற்றிய அறிவில் தவறினாள் என்று எழுதியிருந்தது. இரண்டாம்முறை மருத்துவமும் நஞ்சும் படிப்பித்தேன். பெட்டியைப் பார்த்ததுமே தள்ளி வைத்துவிட்டாள். ஆனால் அந்த வாரங்களை அதற்குச் செலவழித்ததால் கடற்படையைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எதிரிக் கப்பல்கள் வந்தபோது கடலில் முடிந்தாள். தாய் இல்லாத பிள்ளைக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க 40 வாரம் போதாது. இதைத்தான் நான் கேட்டேன். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை.

பேராதனை அண்ணா பரீட்சை என்று சொன்னதும் எனக்கு விளங்கியது. நாலாவது தடவை நான் கதையை மறந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதனால் அன்றைக்கு மூடிவிட்டேன். இப்போது 31 ஆவது வாரத்தில் நிற்கிறேன். இந்த முறை எலோடியை யாரிடமும் கேட்காமல், எந்தக் குறிப்பையும் பார்க்காமல் வளர்க்கிறேன்.

மணிக்கூண்டு | வெள்ளி, இரவு 8.55

அக்கா, குறிப்பு பார்க்காவிட்டால் சிலதில் நல்ல முடிவு கிடைக்கவே கிடைக்காது. 'ஸ்டைன்ஸ் கேட்' விளையாடியபோது தேர்வுப் பட்டியலே வராது, கையிலுள்ள தொலைபேசியில் எந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புகிறோம் என்பதுதான் தேர்வு. உண்மையான முடிவுக்குச் சில சாதாரண மின்னஞ்சல்களுக்குச் சரியான பதில் அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியவே தெரியாது. அதையும் தேர்வு என்று சொல்லலாமா?

பேராதனைச்_சந்தி | வெள்ளி, இரவு 9.40

முடிவு மாறுகிறது, அதனால் தேர்வுதான். ஆனால் தேர்கிறோம் என்றே தெரியாமல் தேர்ந்ததற்கு நம்மைப் பொறுப்பாக்குவது எனக்கும் உறுத்தும். அதை விரும்புபவர்களும் இருக்கிறார்கள், நிஜத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பார்கள். ஆசிரியர் ஐயா என்ன நினைக்கிறார்?

ஹப்புத்தளை_ஆசிரியர் | வெள்ளி, இரவு 10.05

நாளை சொல்கிறேன். வாசகி, 32 ஆவது வாரத்தில் என்ன படிப்பித்தீர்கள்?

கொட்டகலை_வாசகி | வெள்ளி, இரவு 10.20

கடற்படைத் தந்திரமும், மருத்துவமும் ஐயா. இசையை நிறுத்திவிட்டேன்.